மாஸ்க் போடும் இடத்தில் மட்டும் பரு வருவது ஏன்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். ஸ்கூட்டியில் முக்கால் மணி நேரம் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு வருவேன், அப்புறம் எட்டு மணி நேரம் மாஸ்க். போடுகிற ஃபவுண்டேஷன் மதியத்துக்குள் மாஸ்க்கில் ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதமாக மூக்குக்குக் கீழே, கன்னம், தாடையெல்லாம் குருணை குருணையாகப் பரு. கலையாத மேக்கப் ஏதாவது இருக்கிறதா?

பதில்: மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பருக்கள் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தால் உராய்வு, வெப்பம், ஈரம் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த பரு அது. வியர்வையில் ஊறிய தோல் லேசாக உப்பும். மயிர்க்கால்களின் வாய் குறுகும். அதன்மேல் துணி உரசிக்கொண்டே இருந்தால் உள்ளே சுரக்கும் எண்ணெய்க்கு வெளியே வர வழி இருக்காது. நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அதே ஈரமும் உராய்வும்தான் மேக்கப்பையும் கலைக்கின்றன. பலரும் கலைகிறதே என்று இன்னும் கெட்டியாகப் பூசி, மேலே காம்பாக்டை அப்புகிறார்கள். பவுடர் வியர்வையில் குழைந்து பசை மாதிரி ஆகிவிடும். அதனால் என் யோசனை, மாஸ்க்குக்குள் போகும் பகுதிக்கு ஃபவுண்டேஷனே வேண்டாம். யாரும் பார்க்கப்போவதில்லை. கண், புருவம், நெற்றிக்கு உங்கள் விருப்பப்படி போடுங்கள். காஜலும் மஸ்காராவும் வாட்டர்ப்ரூஃப் ஆக இருக்கட்டும், மாஸ்க்கிலிருந்து மேலே வரும் மூச்சின் ஈரம் முதலில் கரைப்பது அவற்றைத்தான்.

கல்யாணம், விசேஷம் என்று முழு முகத்துக்கும் போட்டே ஆகவேண்டிய நாளில், ஜெல் மாதிரியான மாய்ஸ்சரைசரை மெல்லிசாகத் தடவிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். ஃபவுண்டேஷனைத் தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். பிறகு ஒரு டிஷ்யூவை முகத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். தாளில் ஒட்டி வருவதெல்லாம் எப்படியும் மாஸ்க்குக்குப் போகவேண்டியதுதான். இன்னும் பத்து நிமிடம் கழித்து மாஸ்க் போடுங்கள். பொருளில் ‘நான் காமடோஜெனிக்’, அதாவது தோலின் துளைகளை அடைக்காதது என்று போட்டிருந்தால் நல்லது, ஆனால் அது கம்பெனிக்காரர்களே போட்டுக்கொள்ளும் வார்த்தை, உத்தரவாதம் இல்லை. தேங்காய் எண்ணெயை மட்டும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், பரு வருகிற தோலில் அது அடைத்துக்கொள்ளும்.

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தார். மூன்று ஃபேஸ்வாஷ் மாற்றியும் பரு குறையவில்லை. துப்பட்டாவைக் காட்டச் சொன்னேன். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்து வந்தார். உள்பக்கம் வாய் படும் இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்புக் கறை, தொட்டால் மொரமொரப்பு. ஐந்து நாளாக அதே துணியாம்! மூன்று பருத்தித் துணிகளை மாற்றி மாற்றிக் கட்டி, தினமும் துவைத்து, சோப்புப் போக இரண்டு முறை அலசச் சொன்னேன். வாசனைக்குப் போடும் கம்ஃபர்ட் வகையறாவை நிறுத்தச் சொன்னேன். கூடவே இரவில் ஒரு மருந்தும் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் புதுப் பரு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

உங்களுக்கும் அதே வழிதான். மாஸ்க் நனைந்ததும் மாற்றுங்கள், மதியச் சாப்பாட்டு நேரம் அதற்குத் தோது. அப்போது முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் மென்மையான ஃபேஸ்வாஷ். இரவு, நன்றாகக் காய்ந்த முகத்தில் அடாப்பலின் 0.1 சதவீத ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுக்கப் பூசுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கொஞ்சம் உரியும், காயும், அதற்குப் பயந்து விட்டுவிடவேண்டாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ இது கூடாது. பருவுக்கு என்று யாராவது பென்சாயில் பெராக்சைடு தந்தால் தெரிந்துகொள்ளுங்கள், அது துப்பட்டாவின் சாயத்தை வெளுத்துவிடும்.

இன்னொன்று கேட்கவேண்டும். மெடிக்கலில் ‘வெள்ளையாகும்’ என்று கொடுத்த க்ரீம் ஏதாவது பூசுகிறீர்களா? டியூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசும்போது முகம் பளிச்சென்று இருக்கும், விட்டால் சிவந்து எரியும், பருவும் கிளம்பும். அப்படியிருந்தால் அடாப்பலினைத் தொடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். நெற்றியிலும் ஒரே அளவில் அரிக்கும் பொரிகள் இருந்தாலும், வாயைச் சுற்றிச் சிவந்து உதட்டை ஒட்டி மட்டும் ஒரு வெளிறிய கோடு தெரிந்தாலும் அங்கேதான் போகவேண்டும். இவை வேறு நோய்கள், மருந்தும் வேறு.