இரண்டு நாள் முன்பு எதற்கு, இரண்டு மணி நேரம் முன்பு எதற்கு?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல் மருத்துவமனை நடத்துகிறோம். நேரம் வாங்கியவர்களில் பலர் சொல்லாமலேயே வராமல் இருந்துவிடுகிறார்கள். முதல் நாள் இரவு எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறோம், பெரிய பலன் இல்லை. இரண்டு நாள் முன்பும் இரண்டு மணி நேரம் முன்பும் அனுப்பினால் நிலைமை மாறுமா?

பதில்: மாறும். ஆனால் ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பினால் அந்த மாற்றம் மிகச் சிறியதாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டின் வேலையும் வேறு. இரண்டு நாள் முன்பு போகும் செய்தி, வர முடியாதவரை அதை வாய்விட்டுச் சொல்ல வைப்பதற்கானது. இரண்டு மணி நேரம் முன்பு போவது, வர நினைத்தும் மறந்துவிடக்கூடியவருக்கானது. முதல் நாள் இரவுச் செய்தி இந்த இரண்டு வேலையையும் அரைகுறையாகவே செய்கிறது. அப்போது ஒருவர் 'நாளை வரவில்லை' என்று பதில் அனுப்பினாலும், அந்த இடத்துக்கு வேறொருவரை அழைக்க உங்களுக்கு நேரம் இருப்பதில்லை. மறதி உள்ளவரோ இரவில் படித்ததை மறுநாள் காலை வேலைகளுக்கு நடுவே தவறவிட்டுவிடுகிறார்.

முதல் செய்தியைச் சரியாக 48 மணி நேரம் என்று மென்பொருளிடம் விட்டுவிடாதீர்கள். வாங்கிய நேரம் எதுவாக இருந்தாலும், இரண்டு நாள் முன்பு மாலை 5.30 மணிக்கு அது போகட்டும். அந்த நேரத்தில் பலர் வேலை முடித்துக் கைப்பேசியைப் பார்ப்பார்கள். உங்கள் வரவேற்பிலும் பதிலைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஆள் இருப்பார். ஞாயிறு விடுமுறை என்றால், செவ்வாய்க்கிழமைக்கான செய்தி ஞாயிற்றுக்கிழமையில் விழும். பதில் வந்தாலும் பார்ப்பவர் இல்லை. ஆகவே அதை மட்டும் சனிக்கிழமை மாலைக்கு நகர்த்துங்கள். நாளைக்கே நேரம் வாங்கியவருக்கு முதல் செய்தி தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. பண்ருட்டியிலிருந்து பேருந்தில் வரும் ஒருவருக்கு வியாழன் காலை 11 மணிக்கு வேர் சிகிச்சையின் இரண்டாவது அமர்வு என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் மாலை அவருக்குப் போகும் செய்தியில் நாள், நேரம், பதில் அனுப்ப வேண்டிய எண், 'வருவதானால் 1, மாற்றுவதானால் 2' என்ற நான்கும் இருந்தால் போதும். புதன் நண்பகல் வரை பதில் இல்லை என்றால் வரவேற்பாளர் ஒருமுறை அழைத்துப் பேச வேண்டும். பதில் 2 என்றால் அன்று மாலையே காத்திருப்போர் பட்டியலில் உள்ளவரை அழைக்கலாம். இந்தப் பட்டியல் இல்லாமல் முன்கூட்டியே ரத்துகளைப் பெற்று என்ன செய்வது? ஆகவே அதை முதலில் தயார் செய்யுங்கள்.

இரண்டாவது செய்தி அவருக்கு வியாழன் காலை 9 மணிக்குப் போகிறது. வீட்டிலிருந்து பேருந்து நிலையம், அங்கிருந்து கடலூர், பிறகு மஞ்சக்குப்பம் என்று கூட்டிப் பார்த்தால் அது அவருக்குப் போதும் போதாதது. விருத்தாசலத்திலிருந்து வருபவருக்கு நிச்சயமாகத் தாமதம். செய்தி வந்த பிறகு கிளம்பினாலும் வந்து சேர முடிய வேண்டும் என்பதே அளவுகோல். எனவே பயண நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டி அனுப்புங்கள். அந்தக் கணக்கு காலை 7 மணிக்கு முன்னால் போய் நின்றால், முதல் நாள் இரவு 8 மணிக்கே அனுப்பிவிடுங்கள். இதற்காக நேரம் கொடுக்கும்போதே ஊரின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதோடு, அந்த எண்ணில் வரும் செய்தியை யார் பார்ப்பார் என்றும் கேளுங்கள். முதியவர்கள் பலர் வெளியூரில் இருக்கும் மகனின் எண்ணைத் தந்திருப்பார்கள். அவர்களை வீட்டில் எடுக்கும் எண்ணில் அழைத்துப் பேசுவதே வழி.

எஸ்.எம்.எஸ். ஒன்றில் தமிழில் 70 எழுத்துக்குறிகள்தான் அடங்கும், புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். மீறினால் கட்டணம் இரண்டு செய்திகளுக்கு ஆகும். வாசகத்தைச் சுருக்கி எழுதி, நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளுக்கான டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்த பிறகே அனுப்ப முடியும்.

வேர் சிகிச்சைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. முதல் அமர்வோடு வலி நின்றுவிடுவதால், பலர் 'சரியாகிவிட்டது' என்று நம்பி வராமல் இருக்கிறார்கள். அது மறதி அல்ல, ஆகவே இரண்டு மணி நேரச் செய்தி அவர்களை அசைக்காது. தற்காலிக அடைப்பு நீண்ட நாள் தாங்காது, பல்லுக்குள் மீண்டும் தொற்று ஏறும் என்பதை முதல் அமர்வு முடிந்ததும் மருத்துவரே நேரில் சொல்ல வேண்டும். செய்தியில் சிகிச்சையின் பெயரை எழுதாமல், 'சிகிச்சை இன்னும் முடியவில்லை' என்று மட்டும் சேருங்கள்; கைப்பேசியை வீட்டில் பலரும் பார்ப்பார்கள்.

இரண்டு மாதங்களுக்கு ஒரு நோட்டில், வராத ஒவ்வொருவருக்கும் எதிரே மறதியா, வேறு வேலையா, செய்தியே சேரவில்லையா என்று அழைத்துக் கேட்டு எழுதி வாருங்கள். மறதி மிகுந்தால் இரண்டாவது செய்தியின் நேரத்தையும், ரத்து சொல்லியும் இடம் நிரம்பவில்லை என்றால் முதல் செய்தியை மூன்று நாளுக்கும் மாற்றிப் பாருங்கள். செய்தி சேராதவர்கள் மிகுந்தால் எண்களைத்தான் சரிபார்க்க வேண்டும்.