லோடு ஷெட்டிங்கா, ஃபியூஸ் போனதா?

கேள்வி: வெயில் கொளுத்தும் மதியத்தில் இருக்கும் கரண்ட், இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் ஏன் போகிறது? வேண்டுமென்றே நிறுத்துகிறார்களா?

நீங்களும் ஏசி வைத்த அடுக்குமாடிகள் நெருங்கிய ஒரு தெருவில்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மின்விநியோகத்தில் கம்பியாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். துறைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும், சொல்லட்டும்.

வேண்டுமென்றே நிறுத்துவதும் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் சூரிய மின்சாரம் வற்றிவிடுகிறது, தேவையோ குறைவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப அனலும் நீரும் வெளிக்கொள்முதலும் போதாதபோது, துணைமின்நிலையத்திலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர்களை முறைவைத்து நிறுத்துவார்கள். அதுதான் லோடு ஷெட்டிங். அப்போது பகுதி முழுவதும் ஒன்றாக இருளும், பெரும்பாலும் குறித்த நேரத்தில் ஒன்றாகத் திரும்பும். எதிர்வீட்டில் விளக்கு எரிய உங்கள் வீட்டிலும் தெருவின் வேறு சில வீடுகளிலும் மட்டும் இல்லையென்றால், அது உங்கள் தெரு மின்மாற்றியிலிருந்து வரும் மூன்று மின்வழிகளில் ஒன்றில், அதாவது ஒரு பேஸில் ஃபியூஸ் போனதாகவே பெரும்பாலும் இருக்கும்.

தமிழகத்தின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அத்தனை மின்சாரம் மாநிலத்துக்குள் வந்த அந்தக் கோடையில்தான் எங்கள் தெரு இரவுதோறும் இருண்டது. அங்கிருப்பது 250 கேவிஏ மின்மாற்றி. ஒரு பேஸுக்கு ஏறத்தாழ 333 ஆம்பியர் தாங்கும். இரவு பத்தரைக்கு கம்பியில் ஓடும் ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது இரண்டு பேஸ்களில் 260, 270 என்றிருக்க, மூன்றாவதில் 410 ஓடியது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மின்மாற்றியின் எண்ணெய் ஆறுவதற்குள் எல்லாப் படுக்கையறைகளிலும் ஏசி ஓடத் தொடங்கியதால், அந்தப் பேஸின் ஃபியூஸ் உருகிக்கொண்டே இருந்தது.

கூடியிருந்தவர்கள் தடித்த கம்பியாகப் போடச் சொல்லிச் சத்தமிட்டார்கள். நான் மறுத்ததற்கு வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. கம்பி உருகாவிட்டால் உள்ளே சுருள் கருகும். அரைமணி நேர இருட்டு, மின்மாற்றியை மாற்றும் வரை நீளும்.

மறுநாள் காலை அந்தப் பேஸிலிருந்து பதினான்கு வீடுகளை மற்ற இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தோம். ஒன்றரை டன் ஏசி ஒன்று சுமார் 7 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அன்றிரவு மூன்று பேஸ்களும் 313 அளவில் நின்றன. ஆனால் மிச்சம் பேஸுக்கு 20 ஆம்பியர்தான், அதாவது தெரு முழுவதற்கும் இன்னும் எட்டு அல்லது ஒன்பது ஏசி. புதிதாக ஏசி மாட்டுபவர்கள் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்தால்தான் பெரிய மின்மாற்றி கேட்க அலுவலகத்தில் கணக்கு இருக்கும். அந்தக் கோடையில் எங்கள் தெருவிலிருந்து ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.