ஞாயிறு ஓவர்டைம்: சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது?

"அம்பத்தூரில் மெஷின் வேலை. இந்த ஞாயிறு ஓவர்டைம் வரச் சொல்கிறார்கள். அன்று அக்காவுக்கு வளைகாப்பு. ஒத்துழைக்காதவன் என்று பெயர் வாங்காமல் எப்படி மறுப்பது?"

இன்றைக்கே நேரில் சொல்லிவிடுங்கள். சூப்பர்வைசருக்குப் பெரிய தலைவலி, சனிக்கிழமை சாயங்காலம் ஆள் தேடுவதுதான். அதனால் முதலில் உங்கள் மெஷினை ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் பேசி, அவர் சம்மதித்த பிறகு போங்கள்.

"சார், ஞாயிறு அக்காவுக்கு வளைகாப்பு, போன மாதமே நாள் குறித்தாச்சு. அன்று வர முடியாது. பக்கத்து மெஷின் அண்ணன் வருகிறேன் என்றார். அடுத்த ஞாயிறு அவருக்குப் பதில் நான் வருகிறேன்."

இவ்வளவு போதும். 'பார்க்கிறேன் சார்' என்று மட்டும் இழுக்காதீர்கள், வருவதாகவே எழுதிக்கொள்வார். உடம்பு சரியில்லை என்ற பொய்யும் வேண்டாம். வளைகாப்புப் படம் யாராவது ஒருவர் ஸ்டேட்டஸில் வந்துவிடும், அப்புறம் உண்மையான காய்ச்சலையும் நம்ப மாட்டார்.