எஞ்சின் விளக்கு எரிந்தால் சர்வீஸ் தேதி வந்துவிட்டதா?

கேள்வி: கார் வாங்கி நான்கு வருடம் இரண்டு மாதம் ஆகிறது, 38,600 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று நாட்களாக டேஷ்போர்டில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. ஓட்டத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. "சர்வீஸ் தள்ளிப்போனதால்தான் எரிகிறது" என்று சொல்லி, எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், கூலன்ட், கியர் ஆயில், பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில் என்று நீண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார் மெக்கானிக். கடைசி சர்வீஸ் 14 மாதங்களுக்கு முன், 30,200 கி.மீ.யில் செய்தேன். அடுத்தது 40,000-இல்தானே? மேனுவலில் விளக்குப் பட்டியலையும் சர்வீஸ் அட்டவணையையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பதில்: மெக்கானிக் சொன்ன காரணம் தவறு. நீங்கள் போட்ட கணக்கும் தவறு. முதலில் விளக்கைப் பார்ப்போம்.

சர்வீஸ் நாள் கடந்துவிட்டது என்பதற்காக எஞ்சின் விளக்கு எரிவதில்லை. எஞ்சினையும் புகையையும் கண்காணிக்கும் கணினி, ஏதோ ஒரு அளவு வரம்பு மீறியதைக் கண்டு, அதற்கு ஒரு குறியீட்டு எண்ணைப் பதிந்துகொண்டு எரியவிடும் விளக்கு அது. சர்வீஸ் நினைவூட்டல் வேறு. நீங்கள் அனுப்பிய பட்டியலிலேயே எஞ்சின் படத்துக்கு இரண்டு வரி கீழே ஸ்பேனர் படம் இருக்கிறது, பாருங்கள். அது ஓடிய தூரத்தையும் நாட்களையும் எண்ணுவதோடு சரி. வண்டியின் உடல்நிலை அதற்குத் தெரியாது. போன முறை சர்வீஸ் செய்தவர் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்திருந்தால் வேளைகெட்ட வேளையில் எரியும். இந்த இரண்டு விளக்குகளையும் ஒன்றாக்கிப் பேசுபவர் அறியாமல் பேசுகிறாரா, அறிந்தே பேசுகிறாரா என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன்.

உங்கள் விளக்கு மஞ்சள். அணையாமல் நிலையாக எரிகிறது. அதாவது பதறாமல், எஞ்சினை விரட்டாமல் ஓட்டலாம். ஆனால் சில நாட்களுக்குள் காட்டிவிட வேண்டும். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, எரியாத மிச்சம் புகைக் குழாய் வழியாக, புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் தேன்கூட்டு வலை உருகிவிடும். மின்னினால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். அப்போதும் மின்னுவது நிற்காவிட்டால் ஓரமாக நிறுத்துங்கள். சிவப்பு விளக்குகளுக்கோ இந்தச் சலுகை கிடையாது. அதிலும் எண்ணெய்க் குடுவைப் படம் ஓட்டத்தில் சிவப்பாக எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். எஞ்சினை அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும். "மெதுவாக இங்கே வரைக்கும் கொண்டுவந்துவிடுங்கள்" என்று போனில் சொல்பவர் பேச்சைக் கேட்டு எஞ்சினைக் கொன்றவர்கள் நிறையப் பேர்.

பணிமனைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். எரிபொருள் மூடியைத் திறந்து, ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, 'கிளிக்' சத்தம் வரும் வரை திருகி மூடுங்கள். பல கார்களில் டேங்க் ஆவி கசிந்தால் இந்த விளக்கு எரியும். மூடியை இறுக்கிய உடனே அணையாது. குறை மீண்டும் தென்படவில்லை என்று கணினி சில ஓட்டங்களில் உறுதிசெய்துகொண்ட பிறகே அணையும்.

அப்படியும் அணையாவிட்டால், பணிமனையில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஸ்கேனரில் என்ன எண் வருகிறது? அழிப்பதற்கு முன் எழுதிக் கொடுங்கள்." உங்கள் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டியதாகவே நீங்கள் எழுதவில்லை. மாட்டாமலே அவர் பட்டியல் கொடுத்திருந்தால், அந்தப் பட்டியலுக்கும் உங்கள் விளக்குக்கும் தொடர்பில்லை.

எண் கிடைத்தாலும் ஒரு எச்சரிக்கை. அது குறையைச் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது. P0420 என்று வந்தால், கேடலிடிக் கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே இருப்பதாகக் கணினி நினைக்கிறது என்று பொருள். கன்வெர்ட்டரை மாற்று என்று அதில் எழுதியிருக்கவில்லை. புகைக் குழாயில் சிறு கசிவு இருந்தாலும், ஆக்சிஜன் சென்சார் தவறான அளவு கொடுத்தாலும் அதே எண் வரலாம். எண்ணைப் பார்த்த கையோடு விலை கூடிய உதிரிபாகத்தைக் கழற்றச் சொல்பவரிடம், "கசிவு பார்த்தீர்களா, சென்சார் அளவைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

இதைவிட மோசமானவர்கள் எண்ணை அழித்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பவர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையும். பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் அணையும். குறை அப்படியே இருக்கும், சில நாளில் விளக்கு திரும்ப வரும். கெடுதல் அதோடு முடிவதில்லை. குறை தோன்றிய நொடியில் வண்டி என்ன வேகத்தில் இருந்தது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணினி சேர்த்து வைத்திருக்கும் குறிப்பும் எண்ணோடு அழிந்துவிடும். அடுத்து பார்க்கப்போகும் நல்ல மெக்கானிக்குக்குத் துப்பே இல்லாமல் போகும். வண்டியைத் திரும்ப வாங்கும்போது, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். அப்போதும் எரியவில்லை என்றால் விளக்கே கெட்டிருக்க வேண்டும், அல்லது யாரோ அதை ஊமையாக்கியிருக்க வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான்.

இனி அட்டவணை. மேல் வரிசையில் கிலோமீட்டர், அதற்கடியில் மாதம் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. நீங்கள் மேலே உள்ளதை மட்டும் படித்திருக்கிறீர்கள். "எது முதலில் வருகிறதோ அது" என்ற வாசகத்தைப் பொடி எழுத்தில், அடுத்த பக்கத்தின் மூலையில் அச்சிட்டிருக்கிறார்கள். அட்டவணை முழுவதற்கும் உயிரான வரியை ஒளித்து வைப்பதில் இந்த நிறுவனங்களுக்கு என்ன ஆனந்தமோ தெரியவில்லை. உங்கள் நெடுவரிசை 40,000 கி.மீ. அல்லது 48 மாதம். வண்டிக்கு வயது 50 மாதம். ஆக, கிலோமீட்டரில் 1,400 பாக்கி இருந்தாலும் மாதக் கணக்கில் இரண்டு மாதம் தாண்டிவிட்டது. சர்வீஸ் தள்ளிப்போனது உண்மைதான். விளக்கு எரிவது அதனால் இல்லை.

அந்த நெடுவரிசையில் விரல் வைத்துக் கீழே இறங்குங்கள். கட்டங்களில் இரண்டு எழுத்துகள்தான் மாறிமாறி வருகின்றன. 'ஆர்' என்றால் மாற்று. 'ஐ' என்றால் பார். குறை இருந்தால் மட்டும் சரிசெய் அல்லது மாற்று. ஏமாற்றின் பெரும்பகுதி இந்த 'ஐ'யை 'ஆர்' ஆக்குவதில்தான் நடக்கிறது. மெக்கானிக் பட்டியலை அட்டவணையோடு ஒப்பிட்டேன். எஞ்சின் ஆயில் 'ஆர்', செய்ய வேண்டும்; கூடவே ஆயில் ஃபில்டரும். பிரேக் ஆயில் 24 மாதத்துக்கு ஒருமுறை 'ஆர்'. 48-இலும் வருகிறது, அதுவும் நியாயம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். எனவே வண்டி ஓடாமல் நின்றாலும் காலம் அதைக் கெடுக்கும். கூலன்ட், கியர் ஆயில் இரண்டும் 'ஐ'. அளவும் நிலையும் பார்த்தால் போதும். இன்ஜெக்டர் கிளீனிங்குக்கும் எஞ்சின் ஃப்ளஷுக்கும் அட்டவணையில் வரியே இல்லை. ஃப்ளஷ் என்பது பழைய ஆயிலில் ஒரு திரவத்தைக் கலந்து எஞ்சினின் உட்புறத்தைக் கழுவுவது. ஆனால் எஞ்சின் ஆயிலோடு வேறு திரவம் எதையும் கலக்காதீர்கள் என்று பல மேனுவல்கள் எழுதுகின்றன. உங்களுடையதிலும் ஆயில் பகுதியில் தேடிப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், அட்டவணையில் 'ஆர்' போட்டிருக்கும் ஏர் ஃபில்டரை உங்கள் மெக்கானிக் பட்டியலில் விட்டுவிட்டார்.

அட்டவணைக்கு மேல் எதையும் செய்யாதீர்கள் என்று இத்தோடு முடித்துவிடலாம்தான். ஆனால் ஒரு விதிவிலக்கை நான் விட மாட்டேன், ஏனென்றால் அது உங்களுக்கே பொருந்துகிறது போலிருக்கிறது. நீங்கள் அனுப்பிய பக்கத்தின் அடியில் "கடுமையான பயன்பாடு" என்று இரண்டாவது அட்டவணை ஒன்று இருக்கிறது. அந்தத் தலைப்பைப் பார்த்ததும் எல்லோரும் மலைப்பாதையையும் பாலைவனத்தையும் நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள வரையறையைப் படியுங்கள்: அடிக்கடி குறுகிய தூரப் பயணம், நெரிசலில் நின்று நின்று ஓட்டுதல், நீண்ட நேரம் நிறுத்திய நிலையில் எஞ்சினை ஓடவிடுதல், புழுதிச் சாலை. குறுகிய தூரம் என்பதற்குப் பல மேனுவல்கள் 8 கி.மீ. என்று அளவே கொடுக்கின்றன.

14 மாதத்தில் நீங்கள் ஓட்டியது 8,400 கி.மீ. மாதத்துக்கு 600, நாளுக்குச் சுமார் 20. அந்த 20 கி.மீ. ஒரே மூச்சில் ஓடுகிறதா, அல்லது பள்ளி, அலுவலகம், கடை என்று நான்கைந்து துண்டுகளாகவா? துண்டுகள் என்றால் உங்களுடையது கடுமையான பயன்பாடு. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஆயிலில் சேர்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்த நீர் ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது நடக்காது. வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்பீர்கள். அது காட்டுவது கூலன்டின் சூட்டை. ஆயில் அதைவிட மெதுவாகவே சூடேறும். இப்படி நீரும் எரிபொருளும் கலந்த ஆயில், தூரம் குறைவாக ஓடியிருந்தாலும் சீக்கிரமே வலுவிழக்கும். உங்கள் இரண்டாவது அட்டவணையில் ஆயிலுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் 5,000 கி.மீ. அல்லது 6 மாதம் என்றிருக்கிறது. அந்தக் கணக்கில் இரண்டு மாற்றங்களைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

இதையே பிடித்துக்கொண்டு, "நகர ஓட்டம் கடுமையானது, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்" என்று யாராவது வருவார்கள். இரண்டாவது அட்டவணையில் உள்ளவை நான்கே வரிகள்: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் பேட் சோதனை. மற்றவை முதல் அட்டவணைப்படியே.

பணிமனையில் இரண்டு வேலைகளையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒரு தாளில் விளக்கு: ஸ்கேனர் எண், என்ன சோதித்தார்கள், என்ன கண்டார்கள். இன்னொன்றில் 48 மாத சர்வீஸ்: எஞ்சின் ஆயில், இரண்டு ஃபில்டர்கள், பிரேக் ஆயில், 'ஐ' போட்ட கட்டங்களின் சோதனை. ஆயிலின் தரக் குறியீட்டை மேனுவலைப் பார்த்து நீங்களே எழுதிக் கொடுங்கள். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். 'ஐ' போட்ட பாகம் எதையாவது மாற்றச் சொன்னால் அதில் என்ன குறை என்று காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஸ்பேனர் நினைவூட்டலைத் திருப்பி வைத்தார்களா என்று கேளுங்கள். எத்தனை கி.மீ.க்கு வைத்தார்கள் என்றும் பாருங்கள்: கேட்காவிட்டால் வழக்கம்போல 10,000-க்கே வைத்துவிடுவார்கள்.