35 டாலருக்கு யார் வாங்கினார்கள்? தங்கம் பற்றி வாசகர் கேள்விகள்

1980-இல் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டாலரைத் தொட்டதே, அந்த விலை எத்தனை நாள் நின்றது?

ஒரே நாள். ஜனவரி 21, லண்டன் சந்தை. மறுநாளே நூறு டாலருக்கு மேல் இறங்கிவிட்டது. மார்ச் நடுவில் 500-க்கும் கீழே வந்தது. அந்த ஆண்டின் சராசரி 600 சொச்சம்தான். கணக்குப் போடும்போது 850-ஐ விட்டுவிட்டு 600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

1971-இல் 35 டாலர், 1980-இல் 850. இருபத்து நான்கு மடங்கு! அப்படி ஒரு ஏற்றத்தைத் தவறவிடலாமா?

இந்த வாரம் மட்டும் இதே கணக்கோடு நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. தயவுசெய்து தேதியைப் பாருங்கள். 35 டாலர் சந்தை விலையே இல்லை. 1934 முதல் அமெரிக்க அரசு ஒரு அவுன்ஸுக்குக் கட்டிவைத்த விலை அது. வெளிநாட்டு மத்திய வங்கிகள் டாலரைக் கொடுத்து அந்த விலையில் தங்கம் கேட்கலாம். 1971 ஆகஸ்ட் 15-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் அதையும் நிறுத்தினார். சாதாரண அமெரிக்கருக்கு நாணயமாகவோ கட்டியாகவோ சேமிப்புக்குத் தங்கம் வாங்கும் உரிமையே 1933-இல் பறிபோய்விட்டது. அது திரும்பக் கிடைத்தது 1974-இன் கடைசி நாளில்.

அப்போது விலை என்ன? ஏறத்தாழ 195 டாலர். அமெரிக்கர்கள் கடைகளில் முண்டியடிப்பார்கள் என்று நம்பி ஐரோப்பிய வியாபாரிகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்து, விலையை ஏற்றி வைத்திருந்தார்கள். கூட்டம் வரவில்லை. அமெரிக்கக் கருவூலமும் தன் தங்கத்தை ஏலம் விட்டது. 1976 ஆகஸ்டில் விலை நூறு டாலர் பக்கம் வந்து நின்றது. முதல் நாளே ஆசையாக வாங்கியவருக்கு இருபது மாதத்தில் பாதிப் பணம் போச்சு. அவர் பயந்து விற்றிருந்தால், அதற்குப் பிறகு வந்த எட்டு மடங்கு ஏற்றத்தில் அவருக்கு ஒரு காசும் இல்லை.

சரி, விற்காமல் வைத்திருந்தார் என்றே கொள்வோம். 1999 கோடையில் விலை 253 டாலர். இருபத்தைந்து ஆண்டுக்கு வெறும் முப்பது சதவீத லாபம். அதே காலத்தில் அமெரிக்காவில் பொதுவான விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. எந்த வரைபடத்தைக் காட்டினாலும், அது எந்தத் தேதியில் தொடங்குகிறது, அன்று யாரால் வாங்க முடிந்தது என்று முதலில் கேளுங்கள்.

ஆப்கானிஸ்தான் போர் தொடர்ந்தது, ஈரான்-ஈராக் போரும் மூண்டது. பிறகு ஏன் தங்கம் விழுந்தது?

தங்கம் வட்டி தராது. பணவீக்கம் 13 சதவீதமும் வங்கி வட்டி அதைவிடக் குறைவாகவும் இருந்தால், பணத்தைப் பணமாக வைப்பதே நஷ்டம். எழுபதுகளில் பெரும்பகுதி அப்படித்தான் இருந்தது. 1979-இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக வந்த பால் வோல்கர் வட்டியை ஏற விட்டார். 1981-இல் அது 20 சதவீதத்தை எட்டியபோது பணவீக்கம் 10-க்கு இறங்கியிருந்தது. அரசுப் பத்திரமே பதினைந்து சதவீதம் தரும்போது உலோகத்தை எதற்குப் பூட்டி வைக்க வேண்டும்?

சரிவு ஒரே மூச்சில் வரவில்லை. 1980 செப்டம்பரில் மறுபடி 700-ஐத் தாண்டியது. 1982-இல் 300, 1983 தொடக்கத்தில் 500, 1985-இல் 285, 1987 முடிவில் திரும்பவும் 500. ஒவ்வொரு துள்ளலிலும் "உச்சம் திரும்புகிறது" என்று புதிதாக வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்துப் பாருங்கள்; எஞ்சுவது கையில் நிற்கும் அளவுக்கு இருந்தால் தங்கத்துக்குக் கஷ்டகாலம்.

அப்போது ஏறியதுபோல் இப்போதும் ஏறுமா? வாங்கலாமா?

வயது, எந்த ஆண்டில் பணம் தேவை, கையில் ஏற்கெனவே எவ்வளவு தங்கம் என்று எதுவுமே எழுதாமல் இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? ஐந்து ஆண்டில் கல்யாணச் செலவு இருப்பவருக்கும் முப்பது ஆண்டு காத்திருக்கக்கூடியவருக்கும் ஒரே பதில் கிடையாது. விவரத்தோடு எழுதுங்கள்.

1980-இல் அம்மா வாங்கிய நகையின் ரசீதில் பத்து கிராம் 1,330 ரூபாய் என்று இருக்கிறது. 2000-இல் அது 4,400. நம் ஊரில் சரிவே இல்லையே?

சரிந்தது. ரூபாயும் கூடவே சரிந்ததால் தெரியவில்லை. 1980-இல் டாலர் எட்டு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, 2000-இல் நாற்பத்தைந்து. அதே 1,330 ரூபாயைப் பத்து சதவீத வங்கி வைப்பில் போட்டு வட்டியை எடுக்காமல் விட்டிருந்தால் ஒன்பதாயிரத்தை நெருங்கியிருக்கும். செய்கூலி, சேதாரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. அம்மா நகையைப் போட்டு அழகு பார்த்தார் என்றால் அது வேறு கணக்கு.

அடிமட்டம் வந்ததை எப்படிக் கண்டுகொள்வது?

அன்று யாருக்கும் அது எளிதாக இருக்கவில்லை. 1999 மே மாதம் பிரிட்டன் தன் கையிருப்பில் பாதிக்கு மேல் விற்கப்போவதாக அறிவித்தது. 2002 வரை 400 டன் அளவுக்கு, சராசரி 275 டாலருக்கு விற்றது. 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் விற்பனைக்கு வரம்பு கட்டியதும் விலை 325 வரை பாய்ந்தது. "இதுதான் திருப்பம்" என்று அப்போது வாங்கியவர், 2001 ஏப்ரலில் மறுபடி 255-ஐப் பார்க்க வேண்டியிருந்தது.