தையல் விட்டதை எழுதாதீர்கள், தாமதத்தை எழுதுங்கள்

"அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் ஆன மூன்றாம் நாளே காய்ச்சல், வயிறு உப்பல். சொல்லியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஐந்தாம் நாள், உள்ளே தையல் விட்டுவிட்டது என்று மறுபடி திறந்தார்கள். மருத்துவக் கவுன்சிலுக்கு நாலு பக்கம் புகார் எழுதிவைத்திருக்கிறேன். அப்படியே அனுப்பலாமா?"

அனுப்பாதீர்கள், ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். குடலை வெட்டி இணைத்த இடம் கசிவது நன்றாகச் செய்த ஆபரேஷனிலும் சிலருக்கு நேர்கிற சிக்கல்தான், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்திலேயே அது இருக்கலாம். அதனால் 'தையலை ஒழுங்காகப் போடவில்லை' என்று ஆரம்பித்தால், 'இது தெரிந்த சிக்கல்' என்ற ஒரு வரிப் பதிலில் புகார் படுத்துவிடும். கசிவின் அறிகுறி எப்போது தெரிந்தது, அப்புறம் எத்தனை மணி நேரம் கழித்து யார் என்ன செய்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. கேஸ் ஷீட்டின் முழு நகலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் நர்ஸ் குறிக்கும் சார்ட்டைப் பாருங்கள், ஏனென்றால் கசிவில் காய்ச்சல் ஏறும் முன்பே நாடி வேகமெடுப்பது உண்டு. கையில் கிடைத்ததும் இப்படி எழுதலாம் (எண்கள் உதாரணத்துக்கு):

மார்ச் 6, காலை 6 மணி: நாடி 124, காய்ச்சல் 101.4 டிகிரி (நர்ஸ் சார்ட், பக்கம் 14).
காலை ரவுண்ட்ஸ்: வயிறு உப்பியிருப்பதை டாக்டரிடம் சொன்னேன். கேஸ் ஷீட்டில் இதுபற்றிக் குறிப்பு இல்லை.
மார்ச் 8, மதியம் 2 மணி: முதல் ஸ்கேன் (பக்கம் 22). அன்றிரவு மறு ஆபரேஷன்.

'அலட்சியம்' என்ற சொல்லே இதில் இல்லை, ஆனாலும் நடுவில் போன 56 மணி நேரம் படிப்பவர் கண்ணில் படாமல் போகாது. ரவுண்ட்ஸ் நேரம் நிமிடக்கணக்கில் ஞாபகம் இல்லையென்றால் 'காலை ரவுண்ட்ஸ்' என்றே விடுங்கள், ஊகித்து 9.40 என்று போட வேண்டாம். 7-ஆம் தேதி ரத்தப் பரிசோதனை எடுத்தது சார்ட்டில் இருந்தால், உங்களுக்கு அது சாதகமில்லை என்றாலும் அதையும் சேருங்கள், நீங்கள் விட்டால் டாக்டர் தரப்பு பதிலில் அதுதான் முதல் வரியாக வரும், அப்புறம் நீங்கள் எழுதிய மற்றதையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

கடைசியில் தீர்ப்பு எழுதாமல் கேள்வி கேளுங்கள்: 'மார்ச் 6 காலை பதிவான நாடிக்கும் காய்ச்சலுக்கும் காரணம் தேடப்பட்டதா? ஸ்கேன் 8-ஆம் தேதி வரை எடுக்கப்படாதது ஏன்?' அதற்குக் கீழே அந்த இரண்டு நாளில் பொறுப்பில் இருந்த டாக்டர்களின் பெயர், தெரிந்தால் பதிவு எண். நகல்களை மட்டும் இணையுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.

ஒன்று மட்டும்: கவுன்சில் பார்ப்பது டாக்டரின் நடத்தையையும் பதிவையும்தான், ஆஸ்பத்திரிச் செலவைத் திரும்ப வாங்கித் தருவது பொதுவாக அதன் வேலை இல்லை. இழப்பீடு வேண்டுமென்றால் அது தனி வழக்கு, அதற்கான கெடு கவுன்சிலின் முடிவுக்காகக் காத்திருக்காது. அதை ஒரு வக்கீலிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.