விற்பனை குறைந்த ஆண்டில் ஒரு நன்றிக் கடிதம்

*கேள்வி: திருப்பூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இந்த ஜனவரியிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து கணக்குப் பார்த்து யோசனை சொன்னார். பைசா வாங்கவில்லை. ஆண்டு முடிகிறது, அவர் சொன்னதால் என்ன மாறியது என்று கடிதம் எழுத ஆசை. ஆனால் கூட்டிப் பார்த்தால் விற்பனை குறைந்திருக்கிறது. மே மாதம் நாளுக்கு 30 பாக்கெட் ரிட்டர்ன் வந்தது, இப்போது 5 தான். அதை மட்டும் எழுதினால் போதுமா? அவர் சொன்னவற்றையும் கணக்கையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.*

அந்த 30, 5 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டாம். மே மாத வெயிலில் மாவு மதியத்துக்குள் பொங்கி, பாக்கெட் ஊதிக்கொள்ளும். யார் யோசனை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ரிட்டர்ன் கூடத்தான் செய்யும். நவம்பர் குளிரில் புளிப்பு மெதுவாக ஏறுவதால் ரிட்டர்ன் தானாகவே குறையும். இருபத்தைந்து பாக்கெட் வித்தியாசத்தில் பாதி வானிலை செய்த வேலையாக இருக்கலாம். வங்கியில் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தவர் அவர். முதல் வரியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் கடிதத்தில் உள்ள உண்மையான மாற்றத்தைக்கூடப் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பார்.

சென்ற நவம்பரை இந்த நவம்பரோடு ஒப்பிடுங்கள். அவர் வருவதற்கு முந்தைய நவம்பர் என்பதால் அது சரியான அளவுகோல். திருப்பூர் என்பதால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. பனியன் கம்பெனி ஆட்கள் ஊருக்குப் போய்விட்டு நவம்பர் முதல் வாரம் கழிந்துதான் திரும்பியிருப்பார்கள், அந்த நாட்களில் மாவு வாங்க ஆளே இருந்திருக்காது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20 என்பதால் இந்த நவம்பருக்கு அந்தக் குறை இல்லை. ஆகவே இரண்டு ஆண்டிலும் நவம்பர் 10 முதல் 30 வரை மட்டும் எடுத்து, நாள் சராசரி போடுங்கள். உங்கள் தனித்தாளில் கடை வாரியாக எழுதிய பழைய நோட்டின் கணக்கும் இருந்ததால், நானே போட்டுப் பார்த்தேன்.

சென்ற ஆண்டு நாளுக்கு 120 பாக்கெட் போட்டு 20 திரும்பியிருக்கிறது, விற்றது 100. இந்த ஆண்டு 100 போட்டு 5 திரும்பியிருக்கிறது, விற்றது 95. விற்பனை குறைந்தது உண்மைதான். ஆனால் ஒரு பாக்கெட் அரைத்துக் கட்ட உங்களுக்கு ஆகும் செலவு 26 ரூபாய், கடைக்குக் கொடுக்கும் விலை 36 ரூபாய். முன்பு நாளுக்கு 3,600 ரூபாய் வந்து 3,120 செலவாகி 480 மிஞ்சியது. இப்போது 3,420 வந்து 2,600 செலவாகி 820 மிஞ்சுகிறது. நாளுக்கு 340 ரூபாய் கூடுதல், மாதம் 26 நாள் என்றால் 8,840. நீங்கள் மறைக்கப் பார்த்த அந்தக் குறைவுதான் கடிதத்தின் உயிர். திரும்பி வரும் ஒரு பாக்கெட் 26 ரூபாயைத் தின்கிறது, விற்கும் பாக்கெட்டோ 10 ரூபாய்தான் தருகிறது. அவர் ஜனவரியில் சொல்ல வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஆண்டுக்கும் அதே 26 ரூபாயை நான் வைத்ததற்குக் காரணம் உண்டு. உளுந்து விலை ஏறி இறங்கும். அந்தந்த ஆண்டு விலையைப் போட்டால், உளுந்து மலிந்ததால் வந்த லாபமும் அவர் யோசனையின் கணக்கில் சேர்ந்துவிடும். கடிதத்தில் "இந்த ஆண்டு விலைப்படி" என்று ஒரு சொல் சேருங்கள், போதும்.

அடுத்தது பாக்கி. மாதக் கணக்கை வாரக் கணக்காக மாற்றச் சொன்னதால், கடைகளில் நின்ற பணம் 80,000 ரூபாயிலிருந்து 22,000 ஆகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான மாற்றம். ஆனால் தாளின் அடியில் அந்த 58,000 ரூபாயை லாபத்தோடு கூட்டியிருக்கிறீர்கள், அது தப்பு. ஏற்கெனவே விற்ற மாவுக்கு வரவேண்டிய உங்கள் பணம்தான் சீக்கிரம் கைக்கு வந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை வரும், அடுத்த ஆண்டு மறுபடி வராது. அந்தப் பணத்தால் அரிசியும் உளுந்தும் ரொக்கத்துக்கு வாங்க முடிந்தது என்றால் அதை எழுதுங்கள், அது நிலைக்கும் பயன்.

சிறு தொழில் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நானும் நெடுநாள் இருந்திருக்கிறேன். "உங்களால்தான் இந்த நிலைக்கு வந்தேன்" என்று வந்த கடிதங்கள் பல. படிக்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் நான் சொன்னதில் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. மறக்காமல் இருப்பது ஒரு தையல்காரர் எழுதியது. நான் சொன்ன மூன்றில் இரண்டு பலித்தது, மூன்றாவதால் இரண்டு வாடிக்கையாளர்களை இழந்தேன் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அந்த மூன்றாவது யோசனையை யாருக்கும் அப்படியே சொன்னதில்லை. அதனால் பலிக்காததையும் நீங்கள் செய்யாமல் விட்டதையும் ஒவ்வொரு பத்தியாவது எழுதுங்கள். வாரக் கணக்கு கேட்டதால் 22 கடை 16 ஆனதையும், உங்களுக்கு நீங்களே மாதச் சம்பளம் எடுக்கச் சொன்னதை ஜூனில் நிறுத்தியதையும் தனித்தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் கடிதத்துக்குள் வரவேண்டும்.

இன்னொன்று, அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "சரக்கு மேலாண்மை பற்றிய தங்கள் அறிவுரை" என்று எழுதினால் அவருக்கே அது தன் பேச்சாகத் தெரியாது. கீழே ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் வாய்க்கு வராத சொல் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். நேரில் சார் என்றுதானே கூப்பிடுகிறீர்கள், கடிதத்திலும் அதுவே இருக்கட்டும். திடீரென்று "பெருமதிப்பிற்குரிய ஐயா" ஆக்கினால் அவருக்கே கூச்சமாக இருக்கும்.

---

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் நீங்கள் முதல் தடவை வந்தபோது என் நோட்டைப் புரட்டிவிட்டு, "எவ்வளவு போட்டீங்கன்னு எழுதியிருக்கீங்க, எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு ஏன் கூட்டலை?" என்று கேட்டீர்கள். அன்றைக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.

சென்ற நவம்பரில் நாளுக்கு 120 பாக்கெட் போட்டு 20 திரும்ப எடுத்து வந்திருக்கிறேன். இந்த நவம்பரில் 100 போட்டு 5 தான் திரும்பியது. விற்பனை 100இலிருந்து 95 ஆகக் குறைந்திருக்கிறது, ஆனால் இந்த ஆண்டு விலைப்படி பார்த்தால் கையில் மிஞ்சுவது நாளுக்கு 480 ரூபாயிலிருந்து 820 ஆகியிருக்கிறது. வாடகையும் கரண்டும் இதில் கழிக்கவில்லை. இரண்டு ஆண்டும் நவம்பர் 10க்குப் பிறகு எடுத்த கணக்கு.

வாரக் கணக்கு கேட்கச் சொன்னீர்கள். 12 கடை ஒத்துக்கொண்டது. 4 கடை இன்னும் மாதக் கணக்குதான், அவர்களை விட மனசில்லை. 6 கடை எங்களை விட்டுப் போய்விட்டது, அதில் ஒன்று நல்ல கடை, அது மட்டும் இன்னும் வருத்தம். ஆனால் 80,000 ரூபாய் வெளியில் நின்ற இடத்தில் இப்போது 22,000 தான் நிற்கிறது. செப்டம்பரிலிருந்து அரிசியும் உளுந்தும் ரொக்கத்துக்கு வாங்குகிறேன்.

ஒன்றை நான் செய்யவில்லை. மாதம் ஒரு தொகை சம்பளமாக எடுக்கச் சொன்னீர்கள். மூன்று மாதம் எடுத்தேன். ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம் வந்ததும் எல்லாம் கலந்துவிட்டது. ஜனவரியிலிருந்து மறுபடி தொடங்கப் போகிறேன்.

ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் வந்தீர்கள், ஒரு காபிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
(உங்கள் பெயர்)

---

இதற்கு மேல் நீட்ட வேண்டாம், ஒரு தாளில் அடங்கும். கையால் எழுத முடிந்தால் எழுதுங்கள், எழுத்து கோணலாக இருந்தால் பாதகமில்லை. கடைகளின் பெயரை எங்கேயும் போடாதீர்கள். விலகிப் போன கடைக்காரர் நாளைக்கு மறுபடி வரலாம், திருப்பூரில் ஒருவருக்கு ஒருவர் எப்படியாவது தெரிந்தவராகத்தான் இருப்பார்.

கடிதத்தின் கடைசியில் எதையும் கேட்காதீர்கள். வங்கிக் கடனுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமா என்று தனித்தாளில் கேட்டிருந்தீர்கள். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அது பொங்கல் கழித்து நேரில் போகும்போது. இதே தாளில் கேட்டால் மேலே எழுதிய அத்தனையும் அந்த ஒரு வரிக்குப் போட்ட முன்னுரையாகிவிடும். பணமோ வேட்டி சட்டையோ கூட வைப்பதும் வேண்டாம், காபிக்கு மேல் வாங்காதவரை அது சங்கடப்படுத்தும். காலையில் அரைத்த மாவு ஒரு பாக்கெட் கொண்டு போங்கள், அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

டிசம்பர் 25க்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வாட்ஸ்அப் முழுக்கப் புத்தாண்டு வாழ்த்துப் படங்களாக வந்து குவியும், உங்கள் தாளும் அதில் ஒன்றாகிவிடும். கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து அந்தப் பழைய நோட்டுக்குள்ளேயே வையுங்கள். 820 ரூபாய் என்று எழுதியது எந்த நாட்களின் கணக்கு, பாக்கெட்டுக்கு என்ன செலவு வைத்தோம் என்பதெல்லாம் அடுத்த நவம்பரில் ஞாபகம் இருக்காது.